"ஓம் தம்பி, நன்றி": 27 டிக்கெட்டுகளை ஒன்றாக்கியபோது நடந்தது

கிளிநொச்சியில் இருந்துகொண்டு வீட்டுக் கூரைகளுக்குச் சோலார் பூட்டி, பிறகு பராமரித்தும் கொடுக்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. முறைப்பாட்டு மேசையில் மூன்று பேர்: நான், ஒரு தங்கச்சி, அந்த மாதம்தான் சேர்ந்த ஒரு தம்பி. ஃபோனில் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாலும், மின்னஞ்சல் போட்டாலும் ஒவ்வொன்றுக்கும் எங்கள் மென்பொருளில் ஒரு டிக்கெட், அதாவது அந்த முறைப்பாட்டுக்கான பதிவு, திறக்கும். ஒரே ஆள் மூன்று வழியிலும் வந்தால் மூன்று டிக்கெட்.

இது ஒரு கார்த்திகை மாதக் கதை. பிழை விட்டவர்கள் நாங்களே. அதனால் யாரையும் குறை சொல்லாமல் நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

ஒரு திங்கள் காலை, எங்கள் வாடிக்கையாளர்கள் பாவிக்கும் கண்காணிப்பு ஆப் எல்லோருக்கும் பூச்சியம் காட்டத் தொடங்கியது. இன்வேட்டரின் அடியில் விரல் நீளத்தில் ஒரு குச்சி செருகியிருக்கும். அதுதான் வீட்டு வைஃபை வழியாக ஆப் கம்பனியின் சேர்வருக்குக் கணக்கை அனுப்பும். அன்றைக்கு விழுந்தது அந்தச் சேர்வர். இன்வேட்டர்கள் வழக்கம்போல ஓடின, மீற்றரும் ஓடியது. ஆனால் ஆப்பை மட்டும் பார்க்கிறவருக்குத் தன் கூரையே செத்துப்போன மாதிரித்தான் இருக்கும். செவ்வாய் மாலைக்குள் 31 டிக்கெட்டுகள் வந்துவிட்டன. முறிகண்டியில் இருந்து ஒன்று, மல்லாவியில் இருந்து ஒன்று, தர்மபுரத்தில் இருந்து இரண்டு என்று எல்லாவற்றிலும் ஒரே வசனம்: "ஆப்பில ஒண்டும் காட்டேல்லை."

தம்பி கெட்டிக்காரன். எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டுவானேன் என்று நினைத்து, திரையில் தெரிந்த 27 டிக்கெட்டுகளைத் தெரிவுசெய்து, முதலில் வந்த டிக்கெட்டுக்குள் இணைத்துவிட்டான். மிச்சம் நான்கும் அதற்குப் பிறகு வந்தவை. புதன்கிழமை சேர்வர் எழும்பியது. "ஆப் சரியாகிவிட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பதிலை அனுப்பி டிக்கெட்டை மூடினான். 27 முறைப்பாடுகள் ஒரே அழுத்தத்தில் முடிந்தன. நான்தான் "சபாஷ்" சொன்னேன். அதையும் எழுதத்தானே வேண்டும்.

விசுவமடு அக்கா

பன்னிரண்டு நாள் கழித்து, மூடிய அந்த டிக்கெட் தானாகத் திறந்துகொண்டது. கனடாவில் இருக்கும் ஒருவர் பதில் எழுதியிருந்தார். ஆப் திரும்ப வந்தது நல்லது, ஆனால் விசுவமடுவில் இருக்கும் அம்மாவின் சிஸ்டம் ஒவ்வொரு நாளும் பத்தரைக்குப் பிறகுதான் ஓடத் தொடங்குகிறது, மழை நாளில் ஓடவே இல்லை, ஏன் என்று கேட்டிருந்தார். கூடவே ஆப்பில் வரும் கோட்டுப் படத்தையும் அனுப்பியிருந்தார். மற்ற வீடுகளில் ஆறரைக்கு மெல்ல ஏறும் கோடு, அங்கே பத்தரை வரை தரையில் கிடந்துவிட்டுச் சட்டென்று எழும்பி நின்றது.

வேலை தெரிந்தவருக்கு அந்தக் கோடே போதும். இன்வேட்டர் ஒவ்வொரு காலையும் மின்சார சபையின் வயரோடு சேர முன்னம், கூரைப் பலகைகளில் இருந்து வரும் வயர்களுக்கும் நிலத்துக்கும் இடையில் கசிவு இருக்கிறதா என்று அளந்து பார்க்கும். எங்காவது வயரின் தோல் உரிந்திருந்தால் பனியும் ஈரமும் அந்த இடத்தை நிலத்தோடு சேர்த்துவிடும். உடனே இன்வேட்டர் சிவப்பு லைற் போட்டுவிட்டு நிற்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் தானாக ஓடும். இது ஆப் பிரச்சினையே இல்லை. கூரையில் இருக்கும் பிழை. ஓடாமல் நிற்கும் யூனிட்டை விடுங்கள், ஈரக் கூரையில் ஏறிப் பலகைச் சட்டத்தைத் தொடுகிறவருக்கு ஷொக் அடிக்கக்கூடும்.

அந்த அம்மா, அதாவது எங்களுக்கு விசுவமடு அக்கா, இதை எங்களிடம் சொல்லவில்லையா? சொல்லியிருந்தார். இணைத்து மூடப்பட்ட அவருடைய டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். தங்கச்சி ஃபோனில் கேட்டு எழுதிய முதல் குறிப்பு இப்படி இருந்தது: "ஆப் காட்டவில்லை. காலையில் சிவப்பு லைற் எரிகிறதாம். வெயில் ஏறினால் பச்சையாகிறதாம்." அதற்குக் கீழே தங்கச்சியின் பதில்: "பார்த்துச் சொல்லுறம் அக்கா." அதற்குக் கீழே அக்காவின் கடைசிச் செய்தி: "ஓம் தம்பி, நன்றி." மேசையில் யார் இருந்தாலும் அக்காவுக்குத் தம்பிதான்.

எங்கள் மென்பொருள் டிக்கெட்டை இணைக்கும்போது, இணைக்கப்படும் டிக்கெட்டின் கடைசிச் செய்தியை மட்டும்தான் பிரதான டிக்கெட்டுக்குள் எடுத்துப் போடும். ஊர், இன்வேட்டரின் தொடர் எண், ஃபோன் எண் என்று நாங்கள் பெட்டிபெட்டியாக நிரப்பிய எதுவும் கூடவே போவதில்லை. ஆகவே விசுவமடு அக்காவின் முறைப்பாட்டில் இருந்து பிரதான டிக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது "ஓம் தம்பி, நன்றி" மட்டும்தான். 27 டிக்கெட்டுகளின் கடைசி வரிகளையும் மேலிருந்து கீழாக வாசித்தால், எங்களுக்கு நன்றி சொல்லும் கூட்டம் ஒன்று நடந்த மாதிரி இருக்கும்.

எல்லா மென்பொருளும் இப்படிச் செய்வதில்லை. சம்மாட் என்ற டிக்கெட் மென்பொருளில் இணைத்தால் செய்திகள் அத்தனையும் புதிய இடத்துக்கு மாறும். ஆனால் வாடிக்கையாளர் என்று நிற்பவர் பிரதான டிக்கெட்டின் ஆள்தான். ஆகவே உங்களுடையதில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், உங்கள் பெயரில் இரண்டு பொய் டிக்கெட் திறந்து, இரண்டிலும் எல்லாப் பெட்டியையும் வேறு வேறாக நிரப்பி, மூன்று மூன்று செய்தியும் ஒரு படமும் போட்டு இணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நாங்கள் செய்திருக்கவில்லை.

பதில் யாருக்குப் போனது

அக்காவின் விஷயத்தைத் தோண்டும்போதுதான் இரண்டாவது பிழை தெரிந்தது. இணைக்கப்பட்டவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் பிரதான டிக்கெட்டில் நகல் பெறுவோராகச் சேர்ந்துவிட்டன. தம்பி அனுப்பிய அந்த ஒரு பதில் ஒன்பது பேருக்கு ஒன்றாகப் போயிருக்கிறது. ஒருவர் முகவரி மற்ற எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். பதிலுக்குக் கீழே முதல் முறைப்பாடும் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. அதை எழுதியவர், "நாங்கள் கொழும்பில நிக்கிறம், வீட்டில ஆள் இல்லை, அதால லைற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தார். வீடு பூட்டிக் கிடக்கும் செய்தியை, வீதிப் பெயரோடு, முன்பின் தெரியாத எட்டுப் பேருக்கு நாங்களே அறிவித்திருக்கிறோம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இன் 9 ஆம் இலக்கச் சட்டம் என்று நாட்டில் ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இது வெட்கப்பட வேண்டிய விஷயம். அவருக்கு நானே ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "பக்கத்து வீட்டுக்காரரிட்டச் சொல்லி லைற் போடச் சொல்லுறன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஏச்சாக இருந்தது.

மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு நேர்மாறான கதி. அவர்களுக்கு ஒன்றுமே போகவில்லை. எங்களிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் ஃபோனோடும் வாட்ஸ்அப்போடும் நிற்பவர்கள். பிரதான டிக்கெட் மின்னஞ்சலில் வந்தது என்பதால் பதிலும் மின்னஞ்சலில் மட்டும் போயிற்று.

பிரித்தெடுத்த விதம்

இணைத்ததைத் திரும்பப் பிரிக்க எங்கள் மென்பொருளில் வழி இல்லை. ஆனால் இணைக்கப்பட்ட டிக்கெட்டுகள் அழிவதில்லை, மூடிய நிலையில் தங்கள் பழைய எண்ணோடு அப்படியே கிடக்கும். அது எங்கள் அதிர்ஷ்டம். தங்கச்சியும் நானும் 27 எண்களையும் ஒரு விரிதாளில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து முதல் வரியில் இருந்து வாசித்தோம். மூன்று மணி நேரம் எடுத்தது. எழுதிக்கொண்ட நிரல்கள் அதிகமில்லை: டிக்கெட் எண், எந்த வழியில் வந்தது, ஃபோன் எண், இன்வேட்டர் தொடர் எண், "ஆப் காட்டவில்லை" என்பதைத் தவிர அவர் சொன்ன வேறு ஏதாவது. இந்தக் கடைசி நிரலுக்காகத்தான் மற்ற நான்கும்.

முதலில் 27 டிக்கெட்டுகளுக்குப் பின்னால் எத்தனை வீடு என்று பார்க்க வேண்டியிருந்தது. ஃபோன் எண்ணை வைத்துப் பார்க்கலாம் என்று தொடங்கினோம். ஒருவர் 077 என்று தொடங்குவார், வாட்ஸ்அப் அதையே +94 77 என்று காட்டும், எங்கள் தங்கச்சி நடுவில் கோடு போட்டு எழுதுவாள். இடைவெளியையும் கோட்டையும் எடுத்துவிட்டு, பின்னால் இருந்து ஒன்பது இலக்கத்தை மட்டும் வைத்தால் இலங்கை எண் எப்படி எழுதியிருந்தாலும் ஒன்றாகிவிடும்:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(C2," ",""),"-",""),9)
```

வந்த விடை 20 எண்கள். சரி, 20 வீடு என்று நினைத்தோம். பிறகு இன்வேட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் உள்ள தொடர் எண்ணை வைத்து எண்ணினால் 22 வந்தது. துணுக்காயில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை, தன் ஃபோனில் இருந்து தன் வீட்டுக்கும் அயலில் இரண்டு வீட்டுக்குமாக மூன்று முறைப்பாடு சொல்லியிருக்கிறார். அயல் வீட்டாருக்கு ஆப்பும் தெரியாது, எங்கள் எண்ணும் தெரியாது. தம்பி அதைப் பார்த்துவிட்டு "ஒரே ஆள் மூன்று தரம் எடுத்திருக்கிறார்" என்று முடிவுகட்டியிருக்கிறான். எங்கள் பக்கத்தில் ஒரு ஃபோனை ஒரு ஆளாக எண்ணக்கூடாது. மறுபுறம், விசுவமடு வீட்டில் இருந்து வந்தவை மூன்று டிக்கெட்: அக்காவின் ஃபோன் ஒன்று, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இன்வேட்டர் படம் ஒன்று, கனடாவில் இருந்து மகனின் மின்னஞ்சல் ஒன்று. மகனின் டிக்கெட்டில் ஃபோன் எண்ணே இல்லை. மூன்றும் ஒரே கூரை என்று காட்டித் தந்தது தொடர் எண் மட்டும்தான். அதுவும் அந்த வாட்ஸ்அப் படத்தின் ஓரத்தில் ஸ்ரிக்கர் பாதி தெரிந்ததால். படத்தில் சிவப்பு லைற்றும் நன்றாகத் தெரிந்தது. பன்னிரண்டு நாளாக எங்கள் மென்பொருளுக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

22 வீட்டில் 18 பேருக்கு ஆப் பிரச்சினை மட்டும்தான். சேர்வர் எழும்பியதோடு அவர்கள் கதை முடிந்தது. இரண்டு பேர் அந்தக் கிழமைதான் வீட்டு ரவுட்டரை மாற்றியவர்கள். குச்சிக்குப் புதிய வைஃபை கடவுச்சொல் தெரியாது, சேர்வர் எழும்பினாலும் அவர்களின் ஆப் எழும்பாது. ஒருவர் கடைசி வரியில் மின் பட்டியலில் ஏற்றுமதி யூனிட் குறைவாக இருப்பதாகக் கேட்டிருந்தார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மிச்சம் ஒருவர் விசுவமடு அக்கா. அந்த நான்கு வீட்டுக்கும் புதிய டிக்கெட் திறந்து, பழைய எண்ணைக் குறிப்பில் எழுதி, திறந்த திகதியாக இன்றைய நாளைப் போடாமல் அவர்கள் முதன்முதல் எங்களைத் தொடர்புகொண்ட நாளைப் போட்டோம். இல்லாவிட்டால் பன்னிரண்டு நாள் காத்திருந்தவர் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவார்.

இப்போது செய்வது

இணைப்பது, தொடுப்பது என்று இரண்டு வேலை இருக்கிறது. நாங்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் அடிப்படைப் பிழை. ஒரே கூரையில் இருந்து ஒரே விஷயத்துக்கு இரண்டு டிக்கெட் வந்தால் இணைக்கலாம். வேறு வேறு கூரைகளுக்கு ஒரே காரணத்தால் பிரச்சினை வந்தால் இணைக்கவே கூடாது, தொடுக்க வேண்டும். அதாவது வாடிக்கையாளர் எவரின் பெயரும் இல்லாமல் நாங்களே ஒரு தாய் டிக்கெட் திறப்போம். சேர்வர் எப்போது விழுந்தது, கம்பனி என்ன சொன்னது, எப்போது எழும்பியது எல்லாம் அதற்குள் போகும். 22 வீட்டின் டிக்கெட்டுகளும் தனித்தனியாகத் திறந்தபடியே நின்று, தாயைச் சுட்டிக்கொண்டிருக்கும். சென்டெஸ்க் என்ற மென்பொருளில் இதற்கென்றே வகை இருக்கிறது: தாய்க்கு `Problem`, பிள்ளைகளுக்கு `Incident`. அப்படி வசதி இல்லாத மென்பொருளில் தாயின் எண்ணை ஒரு பெட்டியில் எழுதி வைத்தாலும் காரியம் நடக்கும்.

தொடுப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. அந்த வகையில் தொடுத்துவிட்டுத் தாய் தீர்ந்தது என்று குறித்தால், தொடுத்த பிள்ளைகள் அத்தனையும் தானாகத் தீர்ந்ததாகிவிடும். அந்த வசதிக்காகத்தான் பலரும் தொடுக்கிறார்கள். விசுவமடு அக்காவை அன்றைக்கு இணைக்காமல் தொடுத்திருந்தாலும், புதன்கிழமை சேர்வர் எழும்பியபோது அவருடைய டிக்கெட்டும் சத்தமில்லாமல் மூடியிருக்கும். செய்திகள் பத்திரமாக இருந்திருக்கும், வாசிக்கத்தான் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அதனால் தொடுக்க முன்னம் ஒரு கேள்விக்கு விடை வேண்டும் என்று வைத்திருக்கிறோம்: "இன்வேட்டரில் என்ன நிற லைற் எரியுது? காலையிலயும் அதே நிறமா?" பச்சை என்றால் தொடுக்கலாம். சிவப்பு, லைற்றே இல்லை, அல்லது "தெரியாது, வீட்டில ஆள் இல்லை" என்றால் தொடுக்காமல் தனியாகவே நிற்கும். இரண்டாவது வசனம் முக்கியம். அக்கா மத்தியானம் ஃபோன் எடுத்திருந்தால் பச்சை என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரே கூரையின் டிக்கெட்டுகளை இணைக்கும்போது, மிஞ்சப்போவது மூத்த டிக்கெட். எதில் அதிகம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை, எது முதலில் வந்தது என்றுதான் பார்க்கிறோம். பொத்தானை அழுத்த முன்னம் மற்ற டிக்கெட்டில் உள்ளதைக் கையால் ஒரு உட்குறிப்பாக மூத்ததில் எழுத வேண்டும். விசுவமடு வீட்டுக்குப் பிறகு எழுதிய குறிப்பை மாதிரியாக மேசையில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஊரும் எண்ணும் எடுத்துவிட்டால் அது இவ்வளவுதான்:

"மூன்று வழியில் வந்தது: ஃபோன் திங்கள் காலை, வாட்ஸ்அப் திங்கள் மாலை (படம் இங்கே சேர்த்திருக்கிறது), மகனின் மின்னஞ்சல் செவ்வாய். அம்மா சொன்னது: காலையில் சிவப்பு, வெயில் ஏறினால் பச்சை. மகன் சொன்னது: ஆப் ஞாயிறில் இருந்து இல்லை. ஆள் போக முன்னம் அம்மாவுக்கு எடுக்கவும், மகனுக்கு அல்ல. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எடுக்கவும்."

அவர்கள் சொன்னதை எங்கள் சொல்லில் சுருக்காமல் அவர்கள் சொல்லிலேயே எழுதுவது பழக்கமாக்க வேண்டிய விஷயம். தங்கச்சி அன்றைக்கு "இன்வேட்டர் கோளாறு இருக்கலாம்" என்று சுருக்கியிருந்தால், எங்கள் தொழில்நுட்ப ஆளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. "வெயில் ஏறினால் பச்சை" என்பதை வாசித்த உடனேயே அவர் கசிவு அளக்கும் மீற்றரை எடுத்து வைத்தார்.

மூடும்போது கடைசியாக ஒரு கணக்கு. தாய்க்குக் கீழே எத்தனை வீடு, எத்தனை வீட்டுக்குப் பதில் போனது, எந்த வழியில் போனது. மூன்றும் பொருந்தாமல் தாயை மூட அனுமதி இல்லை. பதில் ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் தனியாகப் போகும், அவர்கள் வந்த வழியிலேயே போகும். துணுக்காய் அண்ணைக்கு ஒரு ஃபோன், மூன்று டிக்கெட். அவரிடம் மூன்று வீட்டையும் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் தன்னுடையது என்று மட்டும் எடுத்துக்கொள்வார்.

இதெல்லாம் செய்தால் நேரம் பிடிக்கிறது, அதை மறைக்கவில்லை. மாசியில் ஆப் ஒருநாள் திரும்ப விழுந்தது. 14 டிக்கெட்டுகள் வந்தன, தம்பி ஒருத்தனாகவே லைற் கேட்டு, தொடுத்து, பதில் போட்டு முடிக்க அரை நாளுக்கு மேல் போனது. இணைத்திருந்தால் ஐந்து நிமிடம். அந்த 14 இல் ஒன்றில் லைற்றே எரியவில்லை, பிறேக்கர் விழுந்திருந்தது. நூறு இருநூறு டிக்கெட் ஒரே நாளில் விழும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் ஃபோனில் லைற் கேட்க முடியாது. அங்கே வாட்ஸ்அப்பில் தானாகப் போகும் ஒரு கேள்வியாக வைத்து, பதில் வராதவர்களைத் தொடுக்காமல் விடலாம் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அந்த அளவு இன்னும் வரவில்லை.

விசுவமடுவுக்கு எங்கள் ஆள் பரந்தனில் திரும்பி ஏ35 வழியாக அடுத்த நாளே போனார். கூரை காய்ந்து கிடந்தால் பிழை ஒளிந்துகொள்ளும் என்று விடிய வெளிக்கிட்டு, பனி காய முன்னம் போய்ச் சேர்ந்தார். ஓட்டுக்கு அடியில் போன வயரை அணில் கடித்து, செம்பு வெளியே தெரிந்தது, அது சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. வயரை மாற்றிக் குழாய்க்குள் விட்டுவிட்டு வந்தார். மற்ற நாள் ஆப்பில் கோடு ஆறரைக்கே ஏறியது. மகனுக்கு அந்தப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். அக்காவுக்குத் தங்கச்சி ஃபோன் எடுத்தாள். "ஓம் தம்பி, இப்ப விடியவே பச்சை" என்றார். டிக்கெட்டின் கடைசி வரியாக அதைத்தான் எழுதி மூடினோம்.